ராமேஸ்வரம் ட்ரிப்: 22 தீர்த்தமும் வேணும், தனுஷ்கோடியும் வேணும், தூக்கமும் வேணும்... எப்படி ப்ளான் பண்றது?

ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் "ராமேஸ்வரம் போலாமா?" என்று யாராவது ஒருவர் போட்டதுமே வீடு இரண்டாகப் பிரிந்துவிடும். "22 தீர்த்தமும் ஆடிட்டு, நல்லபடியா தரிசனம் பண்ணணும்" என்பது அம்மா அப்பா கட்சி. "தனுஷ்கோடி, பாம்பன் பாலம், கொஞ்சம் ரெஸ்ட்" என்பது உங்கள் கட்சி. கடைசியில் எல்லாவற்றையும் ஒரே நாளில் திணித்து, ஈரத்துணியோடு ஆட்டோ பேரம் பேசி, தரிசனமும் அவசரம், கடலும் அவசரம் என்று முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து இரண்டு நாள் உடம்பு வலியோடு படுப்பதுதான் பல குடும்பங்களில் நடக்கிறது.

இத்தனைக்கும் அந்த ஊருக்கு இரண்டு பகல், ஒரு இரவு போதும். அதில் ஒரே ஒரு காலைப்பொழுதை மட்டும் கோயிலுக்கென்று முழுசாக எழுதிவைத்துவிட வேண்டும். மற்றதெல்லாம் அதைச் சுற்றித் தானாகவே இடம்பிடித்துக்கொள்ளும். அந்தக் காலைப்பொழுது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி ப்ளான் முடிந்த மாதிரி.

அந்தக் காலையில் என்னதான் நடக்கும்?

மற்ற கோயில்களைப் போல குளித்துவிட்டுப் போனோம், கும்பிட்டோம், வந்தோம் என்று ராமேஸ்வரத்தை முடிக்க முடியாது. இங்கே குளியலே வழிபாட்டில் பாதி. அதற்கென ஒரு வரிசை இருக்கிறது.

முதலில் அக்னி தீர்த்தம். பெயரைக் கேட்டு ஏதோ குளம் என்று நினைக்க வேண்டாம். கோயிலின் கிழக்கு வாசலுக்கு எதிரே, நடக்கிற தூரத்தில் இருக்கும் கடல்தான் அது. அலை அதிகமில்லாத, ஆழம் குறைந்த கரை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மூழ்கி எழுந்தால் போதும். முன்னோருக்குத் தர்ப்பணம், பூஜை என்று செய்பவர்கள் இந்தக் கரையிலேயே செய்வார்கள்.

அடுத்து, அதே ஈரத்துணியோடு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். இவை பெரும்பாலும் கிணறுகள். மகாலட்சுமி தீர்த்தத்தில் ஆரம்பித்து, சாவித்திரி, காயத்ரி, சரஸ்வதி என்று பிராகாரங்களுக்குள் வளைந்து வளைந்து போய், கடைசியில் கோடி தீர்த்தத்தில் முடியும். ஒவ்வொரு கிணற்றிலும் ஆள் நின்று வாளியால் இறைத்து உங்கள் தலையில் ஊற்றுவார். இதற்குக் கோயில் கவுன்ட்டரிலேயே டிக்கெட் உண்டு, பெரிய தொகை இல்லை. "தனியா, சீக்கிரமா கூட்டிட்டுப் போறேன்" என்று வெளியே யாராவது ஒரு ரேட் சொன்னால், கவுன்ட்டர் எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

மூன்றாவது, உடை மாற்றுவது. ஈரத்துணியோடு சந்நிதிக்குள் போகக் கூடாது என்பது இந்தக் கோயிலின் வழக்கம். கோடி தீர்த்தம் முடிந்ததும் காய்ந்த உடைக்கு மாறிய பிறகுதான் தரிசனம்.

நான்காவது, தரிசனம். இங்கே லிங்கம் இரண்டு. சீதை மணலில் பிடித்ததாகச் சொல்லப்படும் ராமலிங்கம், அனுமன் கயிலாயத்திலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் விஸ்வலிங்கம். அனுமன் வருவதற்கு நேரமானதால் சீதை பிடித்த மணல் லிங்கத்துக்கே பூஜை நடந்துவிட்டது. வருத்தப்பட்ட அனுமனுக்காக, "இனிமேல் நீ கொண்டுவந்த லிங்கத்துக்குத்தான் முதல் வழிபாடு" என்று ராமர் சொன்னார் என்பது தலபுராணம். அதனால் விஸ்வநாதரை வணங்கிவிட்டு ராமநாதசுவாமி, பிறகு பர்வதவர்த்தினி அம்பாள் என்று போவது வழக்கம்.

இந்த நான்கையும் சேர்த்தால், கூட்டம் சுமாராக உள்ள நாளிலேயே மூன்று மணி நேரம் ஆகும். இதை 'காலையில ஒரு மணி நேர வேலை' என்று நினைத்து, பத்து மணிக்கு தனுஷ்கோடி வண்டியை புக் செய்து வைப்பதில்தான் பலருடைய ப்ளான் உடைகிறது.

ஒருத்தர் நனையாம இருக்கணும்

ராமேஸ்வரத்தில் உண்மையான பிரச்னையே ஈரம்தான். நான்கு பேரும் ஒன்றாக நனைந்துவிட்டால் காய்ந்த துணிப் பை யார் கையில்? பர்ஸ் யார் கையில்? போன்?

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. குடும்பத்தை இரண்டு செட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் செட் தீர்த்தமாடும்போது இரண்டாவது செட் பையோடு காத்திருக்கட்டும். முதல் செட் உடை மாற்றிக்கொண்டதும் அவர்கள் காவலுக்கு நிற்க, இரண்டாவது செட் போகட்டும். கடைசியில் எல்லோரும் சேர்ந்து தரிசனம். நேரம் கூடுதலாக ஒன்றரை மணி வரை ஆகலாம். அவ்வளவு நேரம் இல்லை என்றால், தீர்த்தமாட விருப்பமில்லாத ஒருவர் 'உலர்ந்த ஆளாக' இருந்துவிடலாம். எல்லா வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார், பெரும்பாலும் அது நீங்களாகவே இருக்கும்!

அந்த ஆள் எங்கே நிற்க வேண்டும் என்பதை ரூமிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துவிடுங்கள். கோயிலுக்குள் செல்போன் அனுமதி இல்லை. தூண்களும் பிராகாரங்களும் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும். "உள்ள போய் கால் பண்றேன்" என்பது இங்கே செல்லாது. கிழக்குக் கோபுர வாசலில், செருப்பு விட்ட இடம் என்று ஒரு இடத்தைப் பேசிவைத்துக்கொள்வது நல்லது.

போன் இல்லை என்றால் ஜிபேவும் இல்லை. தீர்த்த டிக்கெட், அர்ச்சனை, தட்டு, உண்டியல் எல்லாவற்றுக்கும் சில்லறையாகக் கைக்காசு எடுத்துவையுங்கள். நனைகிறவர்களுக்கு ஜிப் வைத்த சின்ன பிளாஸ்டிக் கவர் போதும்.

உடை விஷயத்தில் பெண்களுக்கு அடர்நிற காட்டன் சுடிதாரும் துப்பட்டாவும் வசதி. வெள்ளையும் மெல்லிய துணியும் நனைந்தால் சங்கடம். அம்மா புடவைதான் கட்டுவேன் என்றால், லேசான புடவையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டு, கனமான காட்டன் எல்லாம் நனைந்ததும் நடக்கவே விடாது, வழுக்குகிற தரையில் காலைத் தட்டும். ஆண்களுக்கு வேட்டி. முட்டி தெரியும் ஷார்ட்ஸை ரூமிலேயே விட்டுவிடலாம். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதையும் கடலுக்கோ கிணற்றுக்கோ கொண்டுபோக வேண்டாம். உடுத்திக் குளித்த துணியைக் கடலிலேயே விட்டுவிட்டு வருகிற பழக்கமும் வேண்டாம். நாளைக்கு அது இன்னொருவர் காலில்தான் சுற்றும்.

அப்பாவுக்கு முட்டி வலி, அம்மாவுக்கு சுகர்

இந்த ட்ரிப்பில் பெரியவர்கள் இருந்தால், அழகான ப்ளானைவிட முக்கியமான சில விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, தரை. 22 கிணறுகளிலும் விடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதால் கருங்கல் தரை முழுக்க ஈரம். செருப்பும் இல்லை. முன்னால் போகிறவர்கள் வேகமாக ஓடினால் பின்னால் வருகிற அப்பாவும் ஓடுவார், அங்கேதான் சறுக்கும். உங்களில் ஒருவர் அவர் கையைப் பிடித்தபடியே போக வேண்டும். கூட்டத்தோடு ஓடுவதற்கு அவசியமே இல்லை. ஒரு கிணற்றில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்ததற்குப் போகலாம்.

இரண்டு, சாப்பாடு. தர்ப்பணம் செய்கிறவர்கள் அது முடியும்வரை சாப்பிடாமல் இருப்பார்கள். அதிகாலை எழுந்து, சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு, பத்து மணிவரை வெறும் வயிற்றில் ஈரத்தோடு நடந்தால் மயக்கம் வரத்தான் செய்யும். கை நடுங்குவது, ஈரத்தையும் மீறி வியர்ப்பது, பேச்சு குழறுவது எல்லாம் சர்க்கரை இறங்குவதன் அடையாளங்கள். அதனால் கிளம்புவதற்கு முந்தைய வாரமே, "அன்னைக்கு மட்டும் மாத்திரை, இன்சுலினை எப்படி எடுக்கறது?" என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ கட்டாயம் இருக்கட்டும். தர்ப்பணம் எதுவும் இல்லை, தீர்த்தமும் தரிசனமும் மட்டும்தான் என்றால், காபியும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டுப் போவதைப் பல வீடுகளில் தடுப்பதில்லை. உங்கள் வீட்டுப் பழக்கம் என்னவென்று அம்மாவிடமே கேளுங்கள்.

மூன்று, முடியாதவர்களுக்கு மாற்று. 22-லும் வாளி வாளியாக நனைந்தால்தான் புண்ணியம் என்று எந்தப் பாட்டியும் சொல்ல மாட்டார். ஆஸ்துமா உள்ளவர்கள், சின்னக் குழந்தைகள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு, தீர்த்தத்தைக் கொஞ்சம் தலையில் தெளித்துக்கொள்வதே போதும். இதைப் பெரியவர்கள் வாயாலேயே முந்தின நாள் சொல்ல வைத்துவிடுங்கள். கிணற்றடியில் நின்று, "அவ்வளவு தூரம் வந்துட்டு..." என்று ஆரம்பித்தால் யாராலும் மறுக்க முடியாது.

நான்காவதாக, வீட்டுக்குள் பேசத் தயங்குகிற ஒன்று: பீரியட்ஸ் தேதி. கோயிலுக்குப் போவதா வேண்டாமா என்பது அவரவர் நம்பிக்கை, அவரவர் முடிவு. ஆனால், உங்கள் வீட்டில் அது ஒரு விஷயமாகப் பார்க்கப்படும் என்றால், டிக்கெட் போடுவதற்கு முன்பே தேதியைப் பேசிவிடுவது நல்லது. கடைசி நேரத்தில் மாத்திரை போட்டுத் தள்ளிப்போடச் சொல்லி ஒரு பெண்ணை நெருக்குவதைவிட, பயணத்தை ஒரு வாரம் தள்ளிவைப்பது எவ்வளவோ மேல்.

தனுஷ்கோடி 'டூரிஸ்ட் ஸ்பாட்' மட்டும் இல்லை

"சாமி கும்பிட வந்துட்டு முதல்ல பீச்சா?" என்று அப்பா கேட்டால், பதில் உங்கள் கையில் இருக்கிறது. பழைய கணக்குப்படி தனுஷ்கோடியே சேது தீர்த்தம்தான். சேதுக்கரை மண்ணை எடுத்துப்போய் கங்கையில் கரைப்பதும், அங்கிருந்து கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வதும் காசி யாத்திரையின் ஒரு பகுதி. தனுஷ்கோடிக்குப் போகிற வழியிலேயே கோதண்டராமர் கோயில் இருக்கிறது. விபீஷணனுக்கு ராமர் பட்டம் சூட்டியதாகச் சொல்லப்படும் இடம் அது. 1964 புயலில் ஊரே போனபோதும் இந்தக் கோயில் தப்பி நின்றது. ஆக, நீங்கள் சைட் சீயிங் என்று எழுதி வைத்திருப்பதில் பாதி, பெரியவர்களின் யாத்திரைப் பட்டியலிலும் இருக்கிறது. இரண்டு கட்சியும் ஒரே ஆட்டோவில் ஏறலாம்.

தனுஷ்கோடியைப் பார்க்கும்முன் அதன் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்த புயல், அலைகளை ஊருக்குள் அனுப்பியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலே கடலுக்குள் போனது, அதில் இருந்த 100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதுவரை இலங்கைக்குப் போகும் கப்பலைப் பிடிக்க ரயில் வந்து நின்ற ஊர் அது. இன்று இடிந்த தேவாலயமும் ரயில் நிலையத்தின் மிச்சங்களும்தான் நிற்கின்றன. அந்தச் சுவர்மீது ஏறி ரீல்ஸ் எடுக்கும்முன் ஒரு நிமிடம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து இன்னும் தள்ளிப் போனால் அரிச்சல்முனை. ராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். 2017-ல் ரோடு வந்த பிறகு எந்த வண்டியிலும் நேராகப் போகலாம். அதற்கு முன் மணலில் ஜீப்பில்தான் போக வேண்டியிருந்தது. ரோட்டின் ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. பெரும்பாலும் அமைதியாக இருக்கும் முதல் பக்கத்தைப் பெண் கடல் என்றும், அலை அடிக்கிற மறுபக்கத்தை ஆண் கடல் என்றும் உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். இரண்டும் சேர்கிற முனையில் நீரோட்டம் பலமாக இருக்கும், காலடி மணலே அரித்துக்கொண்டு போகும். பார்க்கலாம், காற்று வாங்கலாம், கால் நனைக்கக்கூட யோசிக்க வேண்டும். குளியல் எல்லாம் அக்னி தீர்த்தத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நேரமும் முக்கியம். மாலைக்கு மேல் அங்கே வண்டிகளை விட மாட்டார்கள், இருக்கிறவர்களையும் கிளப்பிவிடுவார்கள். மூன்று மணிக்குள் போய்ச் சேர்ந்தால் நிதானமாகப் பார்த்துவிட்டு ஐந்து மணிக்குத் திரும்பலாம். நிழல் என்பது பேச்சுக்குக்கூட இல்லாத இடம். தொப்பி, தண்ணீர், பெரியவர்களுக்கு ஒரு குடை அவசியம். ஆட்டோ பேசும்போது 'போக வர' மட்டும் பேசாமல், எத்தனை மணி நேரம் வெயிட்டிங், கோதண்டராமர் கோயிலில் நிற்குமா என்பதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

அங்கே குடிசைக் கடைகளில் மீன் பொரியும் வாசனை உங்களை இழுக்கும். தீர்த்தமாடி முடிக்கும்வரை அசைவம் தொடாத வீடுகள் உண்டு, யாத்திரை முடிந்து வீடு திரும்பும்வரை தொடாத வீடுகளும் உண்டு. உங்கள் வீடு எந்த வகை என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

சரி, இப்போ மணிக்கணக்கு

சென்னையிலிருந்து நான்கு பேர் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள், தங்கை, முட்டி வலி உள்ள அப்பா, சுகர் உள்ள அம்மா. வெள்ளிக்கிழமை மாலை எழும்பூரில் ரயில் ஏறினால், சனிக்கிழமை காலை ராமேஸ்வரம். கடைசி நேரத்தில் எல்லோரையும் எழுப்பிவிடுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ரயில் கடலைக் கடக்கும். இதற்காகத் தனியாக நேரம் ஒதுக்கத் தேவையே இல்லை, பயணத்திலேயே கிடைத்துவிடும்.

சனிக்கிழமை காலை ரூமுக்குப் போய்க் குளித்து, டிபன் சாப்பிட்டு, மதியம்வரை தூக்கம். ரயிலில் யாரும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். இந்தத் தூக்கத்தை வெட்டிவிட்டு நேரே தீர்த்தமாடப் போனால் அப்பாவின் முட்டி அன்றைக்கே வேலைநிறுத்தம் செய்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணிக்கு ஆட்டோ. கோதண்டராமர் கோயில், தனுஷ்கோடி, அரிச்சல்முனை பார்த்துவிட்டு ஆறு மணிக்குள் ஊருக்கு வந்துவிடலாம். முகம் கழுவி உடை மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனால், "வந்த அன்னைக்கே சாமியைப் பார்த்தாச்சு" என்று பெரியவர்களுக்கும் நிம்மதி. தீர்த்தம், டிக்கெட் என்று எந்தப் பரபரப்பும் இல்லாமல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள் நிற்கும் மூன்றாம் பிராகாரத்தை நின்று பார்க்க இந்த மாலைதான் சரியான நேரம். காலையில் அதே பிராகாரத்தில் நீங்கள் சொட்டச் சொட்ட ஓடிக்கொண்டிருப்பீர்கள். நாளைக்கு எங்கே நிற்பது, கவுன்ட்டர் எங்கே, உடை மாற்றும் இடம் எங்கே என்பதையும் அப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதரைக்குப் படுக்கை.

ஞாயிறு அதிகாலை நாலேகாலுக்கு எழ வேண்டும். நடை திறந்ததும் ஸ்படிக லிங்க தரிசனம் உண்டு. அதிகாலை ஐந்து மணியை ஒட்டிய கொஞ்ச நேரம்தான் அது, தவறவிட்டால் மறுநாள்தான். ரூமில் குளித்துவிட்டு, காய்ந்த உடையோடு இதை முடிக்க வேண்டும். ஆறு மணி வாக்கில் வெளியே வந்து அக்னி தீர்த்தம், அங்கிருந்து 22 தீர்த்தம், உடை மாற்றல், தரிசனம். இரண்டு செட்டாகப் பிரிந்து போனாலும் பத்து, பத்தரைக்குள் சாப்பாட்டு இலைமுன் உட்கார்ந்துவிடலாம். ஸ்படிக லிங்கத்துக்காக அவ்வளவு சீக்கிரம் எழ அப்பாவால் முடியாது என்றால், நீங்களும் தங்கையும் மட்டும் போய் வாருங்கள். அப்பாவும் அம்மாவும் ஆறு மணிக்கு நேரே கடற்கரைக்கு வரட்டும்.

சாப்பிட்டபின் மூன்று மணிவரை மறுபடி தூக்கம். கோயில் நடையும் மதியம் சாத்திவிடுவார்கள், நீங்கள் விழித்திருந்தாலும் பெரிதாக வேலை இல்லை. மாலை ஒரு சின்ன ரவுண்ட் போதும். அப்துல் கலாம் நினைவிடம் பேய்க்கரும்பில் இருக்கிறது. ராமர் பாதம் இருக்கும் கந்தமாதன பர்வதம், தீவின் உயரமான மேடு. அதன் மேலிருந்து ஊரும் கடலும் கோபுரமும் ஒன்றாகத் தெரியும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, இரவு ரயிலுக்குப் போகலாம்.

ரூம் போடும்போது ஒரு கேள்வி

இந்த ப்ளானைச் சத்தமில்லாமல் கெடுக்கிற ஒரு விஷயம் செக்-அவுட். சில லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ரூம் எடுத்தால் ஞாயிறு காலை எட்டு மணிக்குக் காலி செய்ய வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் பத்தாவது கிணற்றில் நனைந்துகொண்டிருப்பீர்கள்! வேறு சில இடங்களில் மதியம் 12 மணிக்குத்தான் செக்-இன், அதுவரை லக்கேஜோடு ரிசப்ஷன் சோபாதான். அதனால் புக் செய்யும்போதே, "சனி காலை வருவோம், ஞாயிறு மாலை காலி செய்வோம், மொத்தம் எவ்வளவு?" என்று போனில் கேட்டுவிடுங்கள். இரண்டு நாள் வாடகை கொடுக்க வேண்டியிருந்தாலும், நால்வருக்கு ஒரு ரூமையாவது மாலைவரை வைத்திருப்பது நல்லது. தீர்த்தமாடிவிட்டு வருகிற பெரியவர்களுக்குப் படுக்க இடமில்லை என்றால், மீதி ப்ளான் எல்லாம் வீண்.

கோயிலுக்கு நடக்கிற தூரத்தில் ரூம் இருந்தால் இன்னும் நல்லது. கடல் தெரிகிற ரிசார்ட் அழகுதான். ஆனால், அதிகாலை நாலரைக்கு ஆட்டோ தேடுவதும், ஈரத்தலையோடு திரும்பி வருவதும் உங்கள் பாடு.

எந்தத் தேதி வேண்டாம்?

அமாவாசைகளில், அதிலும் ஆடி, தை, மகாளய அமாவாசைகளில், முன்னோர் கடனுக்காக ஊரே நிரம்பி வழியும். உங்கள் குடும்பத்துக்குத் தர்ப்பணம்தான் நோக்கம் என்றால் அந்த நாளில் போங்கள். ஆனால், அதை லீஷர் ட்ரிப்போடு சேர்க்காதீர்கள். தனுஷ்கோடியை அப்படியே விட்டுவிட்டு, தீர்த்தமும் தரிசனமும் முடித்துத் திரும்புவதுதான் சரி. ஓய்வும் வேண்டும் என்றால் அமாவாசை, நீண்ட விடுமுறை இரண்டும் இல்லாத வாரம் பாருங்கள். ஒரு நாள் லீவு போட்டு ஞாயிறு, திங்கள் என்று மாற்றிக்கொள்ள முடிந்தால் தீர்த்தக் கிணறுகளில் வரிசை இன்னும் குறையும். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் எச்சரிக்கை வந்தால் தனுஷ்கோடி ரோட்டை மூடுவார்கள், பாம்பனில் ரயிலும் நிற்கலாம். அந்த மாதங்களில் போவதாக இருந்தால் கேன்சல் செய்ய முடிகிற ரூமாகப் போடுங்கள்.

நேரம் குறைந்தால் எதை விடுவது?

ரயில் நான்கு மணி நேரம் லேட், அல்லது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஏதாவது ஒன்றை விட்டாக வேண்டும். அப்போது முதலில் விட வேண்டியது ஞாயிறு மாலை ரவுண்ட். அடுத்து ஸ்படிக லிங்கம். அதற்கும் அடுத்து அரிச்சல்முனை. தூக்கத்தையும் அந்த மூன்று மணி நேரக் காலைப்பொழுதையும் மட்டும் தொடாதீர்கள். அம்மா பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். பாலத்தையும் கடலையும் பார்க்க நீங்கள் நண்பர்களோடு இன்னொரு முறை வரலாம். அப்பாவின் முட்டி, 22 கிணறு நடக்க இன்னொரு முறை ஒத்துழைக்குமா என்பதை யோசித்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.